‘பசியாறலையா?’ என்று கேட்டால் ‘ஆமா’வா, ‘இல்லை’யா?

காலை ஏழரை மணி. ராசாவில் ஒரு கிளினிக். அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை. முந்தின இரவு எட்டரைக்குச் சாப்பிட்டதோடு சரி. அதன்பின் வெறும் தண்ணீர்தான். வாசலில் அம்மாவை இறக்கிவிட்டுக் காரை நிறுத்திவிட்டு வருகிறேன். அதற்குள் அம்மா வெளியே வந்து நிற்கிறார்.

“நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“ஏம்மா?”

“தெரியல கண்ணு. இன்னும் பசியாறலையான்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. யெஸ்ஸுன்னேன். அப்ப நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கன்னுட்டாங்க.”

உள்ளே போய் விசாரித்தேன். தாதி கேட்ட கேள்வி, ‘ஹேவன்ட் யூ ஈட்டன், ஆன்ட்டி?’ அம்மா சொன்ன பதில், ‘யெஸ்’. தாதி மேல் தவறில்லை. ஆங்கிலத்தில் அந்த ‘யெஸ்’ஸுக்கு ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்றுதான் பொருள். அம்மா மேலும் தவறில்லை. தோட்டத்தில் முப்பது வருடம் மரம் வெட்டிய அம்மா, தமிழில் நினைத்து, ‘ஆமா’ என்ற சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைச் சரியாகவே சொன்னார். சொல் சரி. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது.

இது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பிளஸ்ஸும் மைனஸும்

முதலில் ஒரு நேர்க்கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘சாப்பிட்டீர்களா?’ சாப்பிட்டிருந்தால் தமிழர் ‘ஆமா’ என்பார், ஆங்கிலேயர் ‘யெஸ்’ என்பார், ஜப்பானியர் ‘ஹாய்’ என்பார். சாப்பிடவில்லை என்றால் ‘இல்லை’, ‘நோ’, ‘ஈயெ’. மூன்று மொழியும் ஒரே வழியில் போகின்றன. அதனால்தான் ‘ஆமா’ என்றால் ‘யெஸ்’, ‘இல்லை’ என்றால் ‘நோ’ என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்துகொள்கிறோம். நேர்க்கேள்வி கேட்கும்வரை அந்த மனப்பாடம் நம்மைக் கைவிடாது.

இப்போது கேள்வியில் ஓர் எதிர்மறையைப் போடுங்கள்: ‘இன்னும் சாப்பிடவில்லையா?’

உண்மையில் சாப்பிடவில்லை என்றால், தமிழில் ‘ஆமா, சாப்பிடலை’. ஜப்பானிய மொழியில் ‘ஹாய், தாபெத்தெ இமாசென்’. ஆங்கிலத்திலோ ‘நோ, ஐ ஹேவன்ட்’.

சாப்பிட்டாயிற்று என்றால், தமிழில் ‘இல்லை, சாப்பிட்டேனே’. ஜப்பானிய மொழியில் ‘ஈயெ, தாபெமாஷ்தா’. ஆங்கிலத்தில் ‘யெஸ், ஐ ஹேவ்’.

தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரு பக்கம், ஆங்கிலம் மறு பக்கம். ஏன்?

‘சாப்பிடவில்லையா’ என்ற கேள்வியின் கடைசியில் உள்ள ‘ஆ’ என்ற வினா எழுத்தை எடுத்துவிடுங்கள். ‘சாப்பிடவில்லை’ என்ற ஒரு கூற்று மிஞ்சும். ஜப்பானிய மொழியிலும் இப்படித்தான். வாக்கியத்தின் கடைசியில் ‘கா’ என்ற ஓர் எழுத்தை ஒட்டினால் கேள்வி, எடுத்துவிட்டால் கூற்று. தமிழின் ‘ஆமா’வும் ஜப்பானிய ‘ஹாய்’யும் அந்தக் கூற்றைப் பார்த்துத்தான் பேசுகின்றன. ‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்ற சொல்லின் சுருக்கம். ‘நீ சொன்னது அப்படியே ஆகும், நீ சொன்னது சரி’ என்பதே அதன் வேலை. சொன்னது ‘சாப்பிடவில்லை’ என்றால், சரி என்று ஒப்புக்கொள்வதும் ‘சாப்பிடவில்லை’ என்பதைத்தான்.

ஆங்கில ‘யெஸ்’ கேள்வி கேட்டவரின் கூற்றைப் பார்ப்பதில்லை. நடந்த காரியத்தைப் பார்க்கிறது. சாப்பிட்டது நடந்ததா? நடந்திருந்தால் ‘யெஸ்’, நடக்காவிட்டால் ‘நோ’. கேள்வி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அதற்குக் கவலையில்லை.

என் மாணவர்களுக்கு இதைக் கணிதக் குறிகளை வைத்துச் சொல்வேன். தமிழில் ‘ஆமா’ என்பது பிளஸ் ஒன்றால் பெருக்குவது போல: கேள்வியில் இருந்த குறி மாறாது. ‘இல்லை’ என்பது மைனஸ் ஒன்றால் பெருக்குவது போல: குறி தலைகீழாகும். கேள்வி மைனஸாக இருந்து, பதிலும் மைனஸ் என்றால் விடை பிளஸ், சாப்பிட்டாயிற்று. ஆங்கிலத்தில் பெருக்கலே கிடையாது. ‘யெஸ்’ என்பதே பிளஸ், ‘நோ’ என்பதே மைனஸ். அவ்வளவுதான்.

மொழியியலாளர்கள் ஜெரால்ட் சேடாக்கும் ஆர்னால்டு ஸ்விக்கியும் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உலக மொழிகள் இப்படிப் பதில் சொல்லும் முறைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, கூற்றை ஒப்புவது அல்லது மறுப்பது. இரண்டு, நடந்தது அல்லது நடக்கவில்லை என்பது. மூன்றாவது, ‘ஆம்’, ‘இல்லை’ என்று எதுவும் சொல்லாமல் கேள்வியில் உள்ள வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வது. இந்த மூன்றாவது முறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவோம்.

சத்தம் போடும் தவறு, சத்தம் போடாத தவறு

அம்மாவுக்கு நேர்ந்தது சத்தம் போடும் தவறு. வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு காலைப்பொழுது போயிற்று. தவறு என்று உடனே தெரிந்துவிட்டது.

இப்போது மாற்றி யோசியுங்கள். அன்றைக்கு அம்மா மறதியாக ஒரு தேநீரும் இரண்டு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். ‘ஹேவன்ட் யூ ஈட்டன்?’ என்று தாதி கேட்கிறார். அம்மாவின் மனத்தில் ஓடுவது, ‘இல்லையே, சாப்பிட்டேனே’. வாயில் வருவது, ‘நோ’. தாதிக்கு அது ‘சாப்பிடவில்லை’ என்று கேட்கிறது. உடனே ஊசியை எடுத்து இரத்தம் எடுத்துவிடுவார். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது.

குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தபின் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். ஆனால் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் நல்ல ஆரோக்கியமான உடம்பிலும் அந்த அளவு 7-ஐத் தாண்டலாம். தேநீர் குடித்த வயிற்றின் கணக்கை வெறும் வயிற்றின் கணக்காகத் தாளில் எழுதினால், எண் சரியாக இருக்கும். அதன் பொருள்தான் தவறாக இருக்கும். இரத்தம் பரிசோதிக்கும் கருவி இதைக் கண்டுபிடிக்காது. தவறு நடந்தது கருவியில் இல்லை, கேள்வியில்.

‘உங்களுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லையே?’ என்று கேட்கும் இடத்தில் இதே குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தமிழின் இரட்டை முக ‘இல்லை’

இதுவரை படித்தவர்களில் சிலர், ‘டீச்சர், நான் அப்படிச் சொல்ல மாட்டேனே. வரலையான்னு கேட்டா, வரலைன்னா, இல்லைன்னுதானே சொல்வேன்?’ என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. உண்மைதான். ‘நேத்து வரலையா?’ என்று கேட்டால், ‘ஆமா, வரலை’ என்பவரும் உண்டு, ‘இல்லை’ என்று மட்டும் சொல்பவரும் உண்டு. இரண்டுக்கும் வரவில்லை என்றே பொருள். அப்படியென்றால் தமிழும் ஆங்கிலம் மாதிரிதானா?

இல்லை. இங்கே வேறொன்று நடக்கிறது. ‘வரவில்லை’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: வர + இல்லை. எதிர்மறையைச் சுமந்து நிற்பதே ‘இல்லை’ என்ற சொல்தான். ‘வரலையா?’ என்று கேட்டவருக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லும்போது, நாம் அவர் கூற்றை மறுக்கவில்லை. அவருடைய வினையின் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்கிறோம். முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்றாவது முறை, எதிரொலி முறை, இதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ‘இல்லை’ என்ற சொல் இல்லாத ஓர் எதிர்மறையைக் கேளுங்கள். ‘உனக்கு அவரைத் தெரியாதா?’ இதற்கு ‘தெரியாது’ என்று வந்தால் குழப்பமில்லை. ‘ஆமா, தெரியாது’ என்றாலும் குழப்பமில்லை. வெறும் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் உங்கள் முகத்தையே பார்ப்பார். ‘என்ன இல்லை? தெரியுமா, தெரியாதா?’ என்று மறுபடியும் கேட்பார். ‘வரமாட்டாயா?’ என்பதற்கும் அப்படித்தான். ‘மாட்டேன்’ என்றால் தெளிவு. வெறும் ‘இல்லை’ என்றால் அரைகுறை. எதிரொலிக்க இங்கே வினையில் ‘இல்லை’ இல்லாததால், அந்தச் சொல் மறுப்பாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடுகிறது.

ஆக, தமிழ் ‘இல்லை’க்கு இரண்டு வேலை. ஒன்று, வினையின் எதிரொலி. மற்றொன்று, எதிராளியின் கூற்றுக்கு மறுப்பு. ஜப்பானியருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் வினையில் எதிர்மறையைக் காட்டுவது ‘நாய்’, ‘மாசென்’ போன்ற விகுதிகளால். மறுப்புச் சொல் ‘ஈயெ’ அதிலிருந்து முற்றிலும் வேறானது. நமக்கோ இரண்டும் ஒரே சொல்.

அதனால்தான் நம்மவர் ஆங்கிலத்தில் சொல்லும் ‘நோ’, ‘யெஸ்’ஸைவிட ஆபத்தானது. எதிர்மறைக் கேள்விக்கு வரும் ‘யெஸ்’ பெரும்பாலும் ‘ஆமா’வின் மொழிபெயர்ப்பு, அதைப் பழகியவர் புரிந்துகொள்ளலாம். ‘நோ’ வந்தால் அது எதிரொலி ‘இல்லை’யா, மறுப்பு ‘இல்லை’யா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

எதிர்மறை போலத் தோன்றி ஏமாற்றுபவை

எதிர்மறைச் சொல் இருந்தாலே அது எதிர்மறைக் கேள்வி ஆகிவிடாது. இரண்டு வகையைக் கவனியுங்கள்.

முதலாவது, அழைப்பு. வீட்டுக்கு வந்தவரிடம், ‘ஒரு வாய் பசியாறக் கூடாதா?’ என்கிறோம். அவர் ‘ஆமா’ என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? ‘சரி’ என்பார், அல்லது ‘வேணாம், இப்பதான் ஆச்சு’ என்பார். இங்கே கேட்பவர் எந்தக் கூற்றையும் முன்வைக்கவில்லை. மரியாதைக்காக எதிர்மறையில் அழைக்கிறார். ஜப்பானிய மொழியிலும் ‘இகிமாசென் கா?’ என்பது சொல்லுக்குச் சொல் ‘போகமாட்டீர்களா?’ என்றாலும், ‘சேர்ந்து போவோமா?’ என்ற அழைப்பாகவே பெரும்பாலும் வரும். ‘ஹாய், இகிமாஸு’ என்றால், ‘சரி, வருகிறேன்’. கூற்றை ஒப்புக்கொள்ளும் ‘ஹாய்’ என்று மட்டும் பாடம் படித்துவிட்டுப் போகிறவர் இந்த இடத்தில் தடுமாறுவார். கிழக்கு நோக்கும் கொள்கை 1982-இல் தொடங்கியபின் இங்கிருந்து எத்தனையோ பிள்ளைகள் ஜப்பானுக்குப் படிக்கப் போயிருக்கிறார்கள், இனியும் போவார்கள். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஜப்பானிய ‘ஹாய்’ ஆங்கில ‘யெஸ்’ஸைவிட எளிது. தமிழ் வழியே நினைத்தால் முக்கால்வாசி இடத்தில் சரியாக வரும். அழைப்பில் மட்டும் ‘ஹாய்’ என்பது ‘ஆமா’ அல்ல, ‘சரி’ என்று நினைவில் வைத்தால் போதும்.

இரண்டாவது, கடைசியில் ஒட்டும் ‘இல்லையா’. ‘பசியாறிட்டீங்க, இல்லையா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்பதற்குப் பசியாறிவிட்டேன் என்று பொருள். இங்கே கூற்று ‘பசியாறிட்டீங்க’ என்ற நேர்க்கூற்று. ‘இல்லையா’ வெளியே நின்று தலையாட்டக் கேட்கிறது. மலாய்க்காரர் வாக்கியத்தின் கடைசியில் சொல்லும் ‘கான்’ செய்வதும் இதே வேலை. ‘பசியாறலையா?’, ‘பசியாறிட்டீங்க, இல்லையா?’ இரண்டிலும் ‘இல்லையா’ காதில் விழுகிறது. ஆனால் ஒன்றில் ‘ஆமா’ என்றால் வயிறு காலி, மற்றதில் ‘ஆமா’ என்றால் வயிறு நிறைவு.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் தடுமாறியது

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆங்கிலம் தெளிவான மொழி, நம் மொழி குழப்பமானது என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் முன்பு இரண்டு பதில் சொற்கள் இல்லை, நான்கு இருந்தன. நேர்க்கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’. அதாவது, ‘நீ சாப்பிடவில்லையா?’ என்பவரை மறுத்து ‘சாப்பிட்டேனே!’ என்று சொல்வதற்கென்றே பிறந்த சொல் ‘யெஸ்’. பதினாறாம் நூற்றாண்டுக்குள் இந்த வேறுபாடு மங்கத் தொடங்கியது. 1530-களில் தாமஸ் மோர், விவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலை ‘நே’ வரவேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டதற்காகக் கடிந்து எழுதினார். பிறகு ‘யே’, ‘நே’ இரண்டும் பேச்சிலிருந்து தேய்ந்துபோயின. எல்லா வேலையும் ‘யெஸ்’, ‘நோ’ தலையில் விழுந்தது. எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’ என்றால் ‘நடந்தது’ என்று இன்றும் பொருள்படுவது அந்தப் பழைய வேலையின் மிச்சம்.

பிரெஞ்சு மொழியில் ‘சி’, ஜெர்மன் மொழியில் ‘டொக்’ என்று இந்த மறுப்புக்குத் தனிச்சொல் இன்னும் இருக்கிறது. தமிழில் தனிச்சொல் இல்லை; ஆனால் ஓர் எழுத்து இருக்கிறது. ‘நீ நேத்து வரலையா?’ ‘வந்தேனே!’ அந்தக் கடைசி ‘ஏ’தான். இலக்கணத்தில் அதைத் தேற்றேகாரம் என்று படித்திருப்பீர்கள். உறுதியைக் காட்டும் அந்த ஓர் எழுத்து, ‘நீ நினைப்பது தவறு’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது

கேட்பவர் செய்யக்கூடியது எளிது: எதிர்மறையை எடுத்துவிட வேண்டும். ‘பசியாறலையா?’ என்பதற்குப் பதில் ‘பசியாறினீர்களா?’ என்று கேட்டால், நாம் தொடக்கத்தில் பார்த்ததுபோல் எல்லா மொழியும் ஒரே வழியில் போகும். அதைவிட நல்லது, ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வி: ‘கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?’

பதில் சொல்பவர் செய்யக்கூடியது, வினைச்சொல்லைச் சொல்வது. இது நமக்குப் புதிதல்ல. விடை வகைகளைச் சொல்லும் நன்னூலில், ‘இது செய்வாயா?’ என்பதற்கு நேர் விடை ‘செய்வேன்’, மறை விடை ‘செய்யேன்’ என்றுதான் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருவார்கள். இரண்டிலும் வினைச்சொல்லே விடை. மலாய் பேசும்போது நம் மூத்தவர்கள் இயல்பாக இதைத்தான் செய்கிறார்கள். ‘பெலும் மாக்கான்?’ என்று கேட்டால் ‘பெலும்’ என்பார்கள். ‘இன்னும் இல்லை’ என்ற அந்தச் சொல்லே கேள்வியிலும் பதிலிலும் இருப்பதால் தலைகீழாக வழியே இல்லை. அம்மாவிடம் அந்தத் தாதி மலாயில் கேட்டிருந்தால், எங்களுக்கு அன்று வேலை முடிந்திருக்கும்.

என் ஆய்வுக்கூடத்திலும் ஒரு விதி வைத்திருக்கிறேன். பாடம் முடிந்து வெளியேறும்போது, ‘எரிவாயுக் குழாயை மூடலையா?’ என்று நான் கேட்பதில்லை. ‘குழாய் எப்படி இருக்கு?’ என்பேன். ‘மூடியிருக்கு டீச்சர்’ என்றோ ‘திறந்திருக்கு டீச்சர்’ என்றோ பதில் வரவேண்டும். ‘இல்லை டீச்சர்’ என்ற பதிலை நம்பி நான் கதவைப் பூட்டுவதில்லை.

வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள். தாத்தா, பாட்டி, தம்பி, தங்கை எல்லாரிடமும் ஒரு நாள் ‘இன்னும் குளிக்கலையா?’ என்றும், மறுநாள் ‘உங்களுக்கு இது தெரியாதா?’ என்றும் கேளுங்கள். யார் ‘ஆமா’ என்கிறார்கள், யார் ‘இல்லை’ என்கிறார்கள், யார் வினையைச் சொல்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றவர் இரண்டாவது கேள்விக்கும் வெறும் ‘இல்லை’யோடு நிறுத்துகிறாரா என்று பாருங்கள். எதிரொலி எது, மறுப்பு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மறுநாள் காலை அம்மாவை மறுபடியும் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இந்தத் தடவை கூடவே உள்ளே போனேன். தாதி வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டார்: ‘லாஸ்ட் நைட் எய்ட் தெர்ட்டி ஈட். ஆஃப்டர் தட், ஒன்லி வாட்டர்.’